மூன்று பேர், ஒரு வாசல், ஐந்து குடம்

கேள்வி: நான், என் தங்கை, ஒரு நண்பன் என்று மூன்று பேர் வியாசர்பாடியில் சிறிய யூடியூப் சேனல் நடத்துகிறோம். வீட்டு முன்வாசல் ஒன்றுதான் படப்பிடிப்பு இடம். வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்தே எடுக்கிறோம். எழுதிப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. எடுத்துப் பார்த்தால் அரை நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. மூன்று நிமிட நகைச்சுவையை எப்படித்தான் எழுதுவது?

நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் ஊகித்துச் சொல்கிறேன். உங்கள் காட்சியில் பக்கத்துக்கு நான்கு வேடிக்கைகள் இருக்கும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உறவு இருக்காது. நண்பன் தடுக்கி விழுவான், தங்கை ஒரு எதுகை வசனம் சொல்வாள், பிறகு யாரோ போனில் உளறுவார்கள். மூவரும் கூடிப் படிக்கும்போது அதில் உங்கள் மூவரின் பழக்கமும் சேர்ந்து சிரிக்கவைக்கிறது. பார்ப்பவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவர் முதல் வேடிக்கைக்குப் புன்னகைப்பார், இரண்டாவதை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது என்று தெரியாமல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். அரை நிமிடம் என்ற உங்கள் கணக்கு இதனால்தான் இவ்வளவு சரியாக வருகிறது.

நான் தண்டையார்பேட்டைக்காரன். பல ஆண்டுகள் தெரு நாடகத்துக்கும் ஊழியர் மன்ற மேடைக்கும் எழுதினேன். பிறகு ஒரு சிறு சேனலுக்கு. எங்களுக்கும் அதிகபட்சம் மூன்று நடிகர்கள்தான், படிக்கட்டுக்கு முன்னால் பத்தடி இடம்தான். ஆகவே பெரிய படப்பிடிப்புக் குழு எழுதும் முறையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்தடி வாசலில் எது நிற்கும், எது சரியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு சொல் வைத்திருந்தோம்: கோணல். ஒரு காட்சிக்கு ஒரே ஒரு கோணல். உலகம் நேராக இருக்கிறது. ஒரே ஒரு விஷயம் மட்டும் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வை ஒருவர் முழு மனத்தோடு நம்புகிறார், இன்னொருவருக்கு அது புரியவில்லை. மூன்று நிமிடமும் அந்த ஒரே சாய்வு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சாய்ந்துகொண்டே போக வேண்டும். கோணலை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் பேனாவை எடுக்காதீர்கள். ‘ஒரு வேடிக்கையான வீட்டுக்காரர்’ என்பது கோணல் ஆகாது, அது வெறும் ஆள். ‘குடியிருப்பவர் சிரித்தால்கூட அதற்கு மின்சாரம் செலவாகிறது என்று நம்பும் வீட்டுக்காரர்’ என்றால் கோணல். இரண்டாவதைக் கேட்டதும் அடுத்து அவர் என்ன செய்வார் என்று உங்களுக்கே தோன்றத் தொடங்கும். அப்படித் தோன்றவில்லை என்றால் அது காட்சிக்குப் போதாத கோணல், தூக்கிப் போட்டுவிடலாம்.

கோணலைத் தேடி எங்கும் போக வேண்டாம். தெருவில் எல்லோரும் இயல்பு என்று ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு பழக்கத்தை எடுத்து, அதை ஒருவர் எழுத்துக்கு எழுத்து நம்பினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நம் பக்கத்தில் தண்ணீர் லாரி வரும் தெருக்களில் ஆள் நிற்பதில்லை, குடம் நிற்கிறது. விடியற்காலையில் குடத்தை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் இருக்கும் இடம்தான் ஆளின் இடம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது நகரம் முழுக்க இந்தக் காட்சியைப் பார்த்தது. நமக்கு அதற்கு முன்பும் பழக்கம்தான். ‘குடம்தான் ஆள்’ என்ற இந்த ஏற்பாட்டை ஓர் அக்கா உண்மையிலேயே நம்பிவிட்டால்? இதை வைத்து நாங்கள் எடுத்த காட்சியைப் படிப்படியாகச் சொல்கிறேன். வசனங்களை இங்கே எழுத்துநடையில் தருகிறேன்; நடிப்பவர்கள் தங்கள் வாயில் வருகிறபடி பேசினார்கள்.

வாசலில் ஐந்து பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் முக்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருக்கிறார். நேற்றுதான் குடிவந்த இளைஞன் கையில் பைலோடு வருகிறான். வந்ததும் போனில் சொல்கிறான்: “பத்து மணி இன்டர்வியூவுக்கு வந்துவிடுகிறேன் சார், குளித்தவுடன் புறப்படுகிறேன்.” போனை வைத்துவிட்டுக் குடங்களுக்குப் பின்னால் போய் நிற்கிறான். அக்கா கேட்கிறார்: “தம்பி, வரிசையில் யாரும் இல்லாத இடத்தில் என்ன செய்கிறாய்?” அவன், “நான் இருக்கிறேனே அக்கா.” அக்கா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீ இருக்கிறாய். குடம் வரவில்லையே.”

இவ்வளவும் இருபத்தைந்து வினாடி. இதற்குள் மூன்று விஷயம் முடிந்துவிட்டது: அவனுக்கு என்ன வேண்டும், எத்தனை மணிக்குள் வேண்டும், எது குறுக்கே நிற்கிறது. ‘வணக்கம் நண்பர்களே’ கிடையாது, தெருவைக் காட்டும் படம் கிடையாது. பத்து மணி இன்டர்வியூ என்பது அலங்காரத்துக்காக வைத்தது அன்று. ஒரே இடத்தில் நடக்கும் காட்சியில் பார்ப்பவருக்கு எழும் முதல் கேள்வி, இவன் ஏன் எழுந்து போய்விடக் கூடாது என்பது. பதில் முதல் அரை நிமிடத்தில் இல்லையென்றால் மீதி இரண்டரை நிமிடமும் பொய்யாகத் தெரியும். தண்ணீர் இல்லாமல் அவன் குளிக்க முடியாது, குளிக்காமல் இன்டர்வியூவுக்குப் போக முடியாது. வாசல் அவனைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

இனி மூன்று படிகள். முதல் படியில் அக்கா குடங்களை மரியாதையோடு குறிப்பிடுகிறார். பச்சைக் குடம் ஐந்து மணிக்கே வந்துவிட்டார். சிவப்புக் குடத்துக்கு முழங்கால் வலி, பாவம், இருந்தும் நிற்கிறார். இளைஞன் இடம்பிடிக்கத் தன் பைலைக் கீழே வைக்கிறான். “இது தண்ணீர் பிடிக்காது, எடு” என்கிறார் அக்கா. இரண்டாம் படியில் அவன் கால் பட்டுச் சிவப்புக் குடம் உருண்டுவிடுகிறது. அக்கா எழுந்து நின்றுவிடுகிறார். “மன்னிப்புக் கேள்.” அவன் அக்காவிடம் கேட்கிறான். “என்னிடம் ஏன் கேட்கிறாய்?” அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து குடத்திடம் மன்னிப்புக் கேட்கிறான். இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் படியில் கோணல் அக்காவின் பேச்சில் மட்டும் இருந்தது; இரண்டாம் படியில் நேரான ஆளையே ஒரு செயல் செய்யவைத்துவிட்டது. அடுத்த படி என்பது அதே விஷயத்தை இன்னும் உரக்கச் சொல்வதன்று. கோணல் புதிதாக ஒருவரையோ ஒரு பொருளையோ பிடித்தாக வேண்டும். பெரும்பாலான சிறு சேனல்களின் காட்சிகள் தொய்வது இந்த இடத்தில்தான். இரண்டாவது படி, முதல் படியையே குரலை உயர்த்திச் சொன்னதாக இருக்கும்.

மூன்றாம் படிக்குத்தான் மூன்றாவது நடிகரை வைத்திருந்தோம். தொடக்கத்திலிருந்தே அவரையும் நிற்கவைத்தால் வசனம் இல்லாத நேரத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார். அந்தத் தவிப்பு கேமராவில் நன்றாகத் தெரியும். நீலக் குடத்தின் சொந்தக்காரரான பெரியவர் இரண்டாவது நிமிடத்தில் வந்து தன் குடத்தருகே நிற்கிறார். அக்கா, “யார் நீங்கள்?” என்று கேட்கிறார். “இந்தக் குடம் என்னுடையது.” “அவர் காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறார். நீங்கள் இப்போதுதானே வருகிறீர்கள்?” இதுவரை அந்த விதியால் அவதிப்பட்ட இளைஞன் பெரியவருக்குப் பரிந்து பேசுவான் என்று எதிர்பார்ப்போம். அவன் அக்கா பக்கம் சேர்ந்துகொள்கிறான்: “நானும் இவர் பக்கத்திலேயே நிற்கிறேன் ஐயா. உங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இவர் சொல்லவில்லை.” எங்கள் காட்சியில் அதிகம் சிரிப்பு வந்த வசனம் அதுதான். அதைத் தனியாக எழுதிக் காட்டினால் அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. இரண்டு நிமிடம் ஒரே கோணலைச் சாய்த்ததன் கூலி அது.

முடிவுக்கு நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதலில் நான் எழுதிய முடிவில் லாரி வருகிறது, தெருவே ஓடி வருகிறது, குடங்கள் பறக்கின்றன, அக்கா தரையில் உட்கார்ந்து அழுகிறார். எழுத்தில் பிரமாதம். எங்களிடம் லாரியும் இல்லை, தெருவும் இல்லை. லாரியின் ஹாரன் ஒலியை மட்டும் போட்டு மூவரையும் கேமராவுக்கு வெளியே ஓடவிட்டு எடுத்துப் பார்த்தோம். ஏதோ காட்சி பாதியில் நின்றுபோனதுபோல இருந்தது. பிறகுதான் உறைத்தது: முடிவை வெளியே தேடிக்கொண்டிருந்தேன், தேவையானதெல்லாம் முதல் அரை நிமிடத்திலேயே கிடந்தது. போன் அடிக்கிறது. இளைஞன் எடுக்கிறான். மணி பத்தைத் தாண்டிவிட்டது. குடங்களைப் பார்க்கிறான், அக்காவைப் பார்க்கிறான், கையிலிருக்கும் பைலைப் பார்க்கிறான். “சார், நான் வரவில்லை. என் பைலை அனுப்பிவைக்கிறேன். வரிசையில் வைத்துவிடுங்கள்.” அக்கா மெச்சுதலாகத் தலையசைக்கிறார். அதோடு வெட்டு. தலையசைப்புக்குப் பிறகு ஒரு வினாடிகூட வைக்கவில்லை.

வீட்டுப் பொருள்களை வைத்தே எடுப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். இந்தக் காட்சியில் பைல் மூன்று முறை வருகிறது. முதலில் அது வெறும் பைல், இன்டர்வியூவுக்குப் போகிறவன் என்பதற்கு அடையாளம். அடுத்து இடம்பிடிக்க வைத்துத் தோற்றுப்போன பொருள். கடைசியில் அதுவே ஆள். ஒரு பொருள் மூன்றாவது முறை வரும்போது வேறொன்றாக மாறியிருந்தால் அந்தப் பொருளுக்கு வாசலில் இடம் உண்டு. ஒரே ஒருமுறை பயன்படுகிற பொருளை நான் பெரும்பாலும் வெட்டிவிடுவேன். பொய்மீசை, லுங்கியைத் தலையில் கட்டுவது, பெரிய கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றை எடுத்தவுடனேயே வெட்டிவிடுவேன். அவை நடிகர் செய்ய வேண்டிய வேலையைத் தாம் செய்வதாகப் பாவனை காட்டும்.

நீளத்துக்கு வருவோம். பேசும் வேகம் குழுவுக்குக் குழு மாறும். எங்கள் குழுவில் மூன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 சொல் வசனம் போதுமாக இருந்தது. முதல் பிரதி எப்போதும் 400க்கு மேல் போகும். உபரி எங்கே இருக்கும் என்றால், நேரான ஆளின் வசனங்களில். ‘என்ன அக்கா, குடத்துக்குப் போய் மரியாதை கொடுக்கிறீர்களே, இது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதே’ என்று அவன் நீட்டி முழக்கிக்கொண்டிருப்பான். பார்ப்பவர் ஏற்கெனவே நினைத்துவிட்டதை அவன் மறுபடி சொல்கிறான். அந்த வசனம் முழுவதையும் அடித்துவிட்டு, ‘குடத்தைப் பார்க்கிறான்’ என்று எழுதுங்கள். பார்வையையும் மௌனத்தையும் எழுத்திலேயே எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் படம் பிடிக்கும் நாளில் எடுக்க மறந்துபோவீர்கள், வெட்டி ஒட்டும்போது அக்காவின் பேச்சுக்கு இளைஞன் முகம் கிடைக்காது. ஒரே இடத்தில் எடுப்பதால் முழுக் காட்சியையும் மூவரும் தெரியும்படி ஒருமுறை, அக்கா முகத்துக்காக ஒருமுறை, இளைஞன் முகத்துக்காக ஒருமுறை எடுத்தாலே போதும். அக்காவை எடுக்கும் முறையிலும் இளைஞன் கேமராவுக்கு வெளியே நின்று தன் வசனத்தைச் சொல்லியாக வேண்டும். காற்றிடம் பேசும் அக்காவால் கோணலை நம்ப முடியாது.

எழுதி முடித்ததும் உங்கள் மூவருக்குள் படிக்காதீர்கள். காட்சியை அறியாத ஒருவரை உட்காரவைத்து, நடிக்காமல், சாதாரணக் குரலில் படியுங்கள். அவர் சிரிக்கும் இடத்தைவிட அவர் போனைப் பார்க்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். படித்த பிறகு, “இது எதைப் பற்றியது?” என்று கேளுங்கள். ‘குடத்தை ஆள் என்று நம்பும் ஓர் அக்கா’ என்று சொன்னால் எழுத்து சரி. ‘தண்ணீர்ப் பிரச்சினை’ என்று சொன்னால் கோணல் அவருக்குப் போய்ச் சேரவில்லை. வீடியோ வெளியான பிறகு யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் எந்த நொடியில் விலகுகிறார் என்ற வரைபடம் வரும். அதையும் பாருங்கள், ஆனால் அது எங்கே என்று சொல்லுமே தவிர ஏன் என்று சொல்லாது. சில நூறு பேர் பார்த்த வீடியோவில் அந்தக் கோடு ஏறி இறங்குவதை வைத்து எதையும் முடிவு செய்யவும் வேண்டாம். முதல் முப்பது வினாடியில் மொத்தமாகச் சரிந்தால் அதை மட்டும் நம்பலாம்.

மூன்று நிமிடம் என்று நீங்கள் வைத்திருக்கும் அளவு எனக்குச் சரியாகவே தோன்றுகிறது. 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் வடிவமும் மூன்று நிமிடம் வரை ஏற்கிறது. ஆனால் அதற்குச் செங்குத்துப் படமோ சதுரப் படமோ வேண்டும். செங்குத்துச் சட்டத்தில் மூன்று பேரும் ஐந்து குடமும் பக்கவாட்டில் அடங்கமாட்டார்கள். நீங்கள் அப்படி எடுப்பதாக இருந்தால் வரிசையைக் கேமராவை நோக்கி, முன்னும் பின்னுமாக அடுக்குங்கள். இதை எழுதும்போதே தீர்மானித்தாக வேண்டும், ஏனென்றால் யார் யாருக்குப் பின்னால் நிற்கிறார் என்பது வசனத்தையே மாற்றிவிடும். எந்த வடிவத்தில் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்று உறுதியாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

வடசென்னை என்றதும் கத்தி, கத்தல், கொச்சைப் பேச்சு என்று எழுதும் ஒரு பழக்கம் இருக்கிறது. நம் பேச்சையே நகைச்சுவையாக விற்பது எனக்குப் பிடிக்காது. அது என் கோபம், விட்டுவிடுங்கள். தொழில்முறையிலும் அது நட்டம். உச்சரிப்புக்கு வரும் சிரிப்பு முதல் வசனத்தோடு தீர்ந்துவிடும், அதில் இரண்டாம் படி கிடையாது. வசை மொழிக்கும் இதே கதிதான். அக்கா எங்கள் காட்சியில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. நடித்தவர் நிஜத்தில் சத்தமாகப் பேசுகிறவர். அவரை மெதுவாகப் பேசவைக்கத்தான் ஒரு முழுக் காலை ஆனது. நம்பிக்கை உள்ளவருக்குக் கத்த வேண்டிய தேவை இல்லை என்று அவருக்குப் புரிந்த பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது.

படப்பிடிப்பில் இரண்டு விஷயம் எங்களைப் படுத்தியது. காலிப் பிளாஸ்டிக் குடம் காற்றில் தானாக உருளும்; இரண்டாம் படியில் உருள வேண்டியது முதல் படியிலேயே உருண்டால் காட்சி போயிற்று. சிவப்பைத் தவிர மற்றவற்றில் இரண்டு கை மணல் போட்டோம். சிவப்பு மட்டும் காலியாக இருந்ததால் சிமெண்டுத் தரையில் விழுந்தபோது கிடைத்த ஓசை அருமையாக இருந்தது. இன்னொன்று சத்தம். எங்கள் வாசலுக்குக் கொருக்குப்பேட்டைச் சரக்கு ரயில் கேட்கும். உங்கள் வாசலுக்கும் ஏதாவது கேட்கும். ஒலியை வேறாக எடுத்துச் சேர்க்கும் வசதி உங்களுக்கு இருக்காது என்று வைத்துக்கொள்கிறேன். காலர் மைக் ஒன்றாவது வாங்குங்கள், அதிகம் பேசுகிறவருக்கு அதை மாட்டுங்கள், அதிகாலையில் எடுங்கள். அப்படியும் ரயில் வந்தால், மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு அது போகும்வரை நின்ற நிலையிலேயே இருங்கள்; கேமராவை நிறுத்தாதீர்கள். எங்கள் இளைஞன் குடத்திடம் மன்னிப்புக் கேட்கும் முன் சுற்றுமுற்றும் பார்க்கும் அந்த நீண்ட பார்வை ரயிலுக்காகக் காத்திருந்தபோது கிடைத்ததுதான்.

அன்று காலை ஆறரை மணி இருக்கும். மூன்றாம் படியை எடுத்துக்கொண்டிருந்தோம். தெருவோடு போன ஓர் அம்மா நின்று, எங்கள் ஐந்து குடங்களையும் பார்த்து, “லாரி எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். படப்பிடிப்பு என்று சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்குப் போய்த் தன் குடத்தைக் கொண்டுவந்து கடைசியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வீடியோவில் கடைசி அரை நிமிடம் ஆறு குடம் இருக்கும். இதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.